காபி குடித்த கையோடு இருபது நிமிடத் தூக்கம்: டம்ளரில் எவ்வளவு, கடிகாரத்தில் எப்போது

மதியம் ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே கண்ணை மூடி, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவதைக் காபித் தூக்கம் என்கிறார்கள். ஒருமுறை செய்துபார்த்து "நமக்கு ஒத்துவரல" என்று விட்டவர்கள் நிறைய. அவர்களிடம் விசாரித்தால் அநேகமாக இரண்டில் ஒன்று நடந்திருக்கும். காபி தண்ணியாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஆற்றி ஆற்றிக் குடித்ததிலேயே கால் மணி நேரம் போயிருக்கும். இரண்டையும் சரிசெய்யலாம். அதற்கு டிகாக்‌ஷனைக் கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்ற வேண்டும், கடிகாரத்தைக் கொஞ்சம் மதிக்க வேண்டும். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரை வைத்து இதை எப்படிச் செய்வது, எங்கே கெடும், பலன் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதே இந்தப் பதிவு.

ஏன் காபி முதலில், தூக்கம் பிறகு

குடித்த காபி உடனே வேலை செய்வதில்லை. வயிற்றிலிருந்து சிறுகுடலுக்குப் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். இருபது நிமிட அளவில்தான் பலன் தெரிய ஆரம்பிக்கும். இரத்தத்தில் கஃபீன் உச்சத்தைத் தொடப் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பு நேரத்தைத் தூங்கிக் கழிப்பதுதான் இந்த முறையின் அடிப்படை. தூங்கி எழுந்த பிறகு காபி குடித்தால் எழுந்தவுடன் உள்ள மந்தமும் காபி ஏறும்வரை உள்ள மந்தமும் சேர்ந்துகொள்ளும். முதலில் குடித்துவிட்டால், கண் விழிக்கும் நேரத்தில் கஃபீன் ஏறிக்கொண்டிருக்கும்.

இதற்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்பணுக்களில் தனக்கான ஏற்பிகளில் போய் ஒட்டும்போது தூக்கம் அழுத்துகிறது. கஃபீன் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அடினோசினுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. குட்டித் தூக்கத்தில் கொஞ்சம் அடினோசின் குறைவதால், பின்னால் வரும் கஃபீனுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது என்பது அந்த விளக்கம். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் பதினைந்து நிமிடத் தூக்கத்தில் எவ்வளவு குறையும் என்பதை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம். முதலில் சொன்ன நேரக் கணக்கு ஒன்றே இந்த முறைக்குப் போதுமான காரணம்.

சோதனையில் என்ன தெரிந்தது

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னரும் ஜிம் ஹார்னும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது. முந்தைய இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களை, மதிய நேரத்தில் வாகனம் ஓட்டும் பாவனைக் கருவியில் சலிப்பூட்டும் சாலையில் ஓட்டவிட்டார்கள். ஓட்டும் முன் அரை மணி நேர இடைவேளை. அதில் ஒருநாள் கஃபீன் இல்லாத காபி, ஒருநாள் கஃபீன் மட்டும், ஒருநாள் கஃபீனோடு பதினைந்து நிமிடத்துக்கும் குறைவான தூக்கம். வண்டி தடம் விட்டு விலகிய நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தால், கஃபீன் இல்லாத காபி குடித்த நாளில் 100 என்று வைத்துக்கொண்டால், கஃபீன் மட்டும் குடித்த நாளில் 34, இரண்டும் சேர்ந்த நாளில் 9. சரியாகத் தூக்கம் வராமல் கண்ணை மூடிக் கிடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. "எனக்குப் பகலில் தூக்கமே வராது" என்பவர்கள் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2003-இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹயாஷி குழுவினர் இருபது நிமிடத் தூக்கத்தை மட்டும் தனியாகவும், அதோடு கஃபீன், பிரகாசமான ஒளி, முகம் கழுவுதல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தும் ஒப்பிட்டார்கள். தூங்குமுன் 200 மில்லிகிராம் கஃபீன் எடுத்த ஏற்பாடுதான் தூக்கக் கலக்கத்தைக் குறைப்பதில் முன்னால் நின்றது.

இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பத்து, பன்னிரண்டு பேர்தான். அதோடு, லஃப்பரோ சோதனையில் எல்லோரும் தூக்கம் குறைந்தவர்கள். அதனால் இரவு ஐந்து, ஆறு மணி நேரமே தூங்கியவர்களுக்கு மதியம் இது நன்றாகக் கைகொடுக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு மேல்கொண்டு என்ன கிடைக்கும் என்றால், கொஞ்சம்தான். ஏற்கெனவே தெளிவாக இருக்கும் மூளையில் சரிசெய்ய அதிகம் இல்லை.

டிகாக்‌ஷனில் எவ்வளவு கஃபீன்

ஆய்வுகளில் கொடுத்தது 150 முதல் 200 மில்லிகிராம் வரை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவுப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை. ஆக நம் இலக்கு 150-ஐ ஒட்டி. இப்போது கேள்வி, நம் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்பது.

காபிப் பொடியைப் பொறுத்தவரை மூன்று விஷயம் தெரிந்தால் போதும். அராபிகா கொட்டையில் எடையில் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இரட்டிப்பு, சுமார் 2.2. சிக்கரியில் சுத்தமாக இல்லை. காபிக் கடையில் அரைத்துத் தரும்போது பிளான்டேஷன் ஏ, பீபெரி என்று கேட்டு வாங்குகிறோம். பிளான்டேஷன் என்றால் அராபிகா. பீபெரி என்பது கொட்டையின் வடிவம். அது அராபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு, ஆகவே எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு வேலை சுலபம், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலேயே அச்சடித்திருக்கும். கலப்புப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அப்படியென்றால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரி உள்ள பொடியும் சட்டப்படி விற்கலாம். டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக, கசப்பாக இருப்பதை வைத்து கஃபீனை மதிப்பிட முடியாது. அந்த நிறத்தையும் கெட்டியையும் தருவதில் சிக்கரிக்குப் பெரிய பங்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 80-க்கு 20 சிக்கரி, காபியில் பாதி அராபிகா, பாதி ரொபஸ்டா. ஃபில்டரின் மேல் கிண்ணத்தில் 20 கிராம் பொடி. அதில் காபி 16 கிராம். அராபிகா 8 கிராமில் 96 மில்லிகிராம், ரொபஸ்டா 8 கிராமில் 176 மில்லிகிராம், மொத்தம் 272. அமுக்கும் தட்டை வைத்து லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய வெந்நீர் 150 மில்லி ஊற்றினால், பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது 110 மில்லி அளவில் இருக்கும். முதல் டிகாக்‌ஷனில் நான்கில் மூன்று பங்கு கஃபீன் இறங்கியதாகக் கொண்டால், அந்த 110 மில்லியில் சுமார் 200 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லிக்கு 1.8. எண்பது மில்லி டிகாக்‌ஷன் எடுத்தால் ஏறக்குறைய 145 மில்லிகிராம். இலக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

அதே அளவில் முழுக்க அராபிகாவாக இருந்தால் மில்லிக்கு 1.3-தான் வரும், 80 மில்லியில் 105. கொட்டைக்குக் கொட்டை, வறுப்புக்கு வறுப்பு கொஞ்சம் மாறும் என்பதால் இதைக் கிட்டத்தட்டக் கணக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்று இருந்தால் டிகாக்‌ஷனை அளக்கப் போதும்.

இரண்டாவது டிகாக்‌ஷனை இதற்கு எடுக்க வேண்டாம். முதல் தண்ணீரிலேயே பெரும்பங்கு இறங்கிவிட்டதால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. இன்ஸ்டன்ட் பொடியென்றால், 70-க்கு 30 கலப்பில் ஒரு சின்ன ஸ்பூன், சுமார் 2 கிராம், 40 மில்லிகிராம் அளவே தரும். ஒரு கப் டீயும் அதே கணக்குதான். ஆபீஸில் பட்டனை அமுக்கினால் வரும் காபியில் பால் பவுடரும் சர்க்கரையும்தான் அதிகம்; அதைக் குடித்துவிட்டுப் படுத்தால் வெறும் தூக்கம்தான் நடக்கும். "ஒத்துவரல" என்பதில் ஒரு பெரிய பங்கு இந்த மெஷின் காபியால் வருவது.

குடிப்பதற்கு மூன்று நிமிடம்

கொதிக்கக் கொதிக்கக் காபி இல்லாவிட்டால் குடித்த மாதிரியே இல்லை என்பவர்கள் இந்த ஒரு வேளைக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். சூடான காபியை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் முதல் வாய் குடித்தது ஏற ஆரம்பித்துவிடும், படுத்தால் தூக்கம் பிடிக்காது. மூன்று நிமிடத்துக்குள் டம்ளர் காலியாக வேண்டும்.

இதற்கு டபராவில் ஆற்றிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காலையில் போட்ட டிகாக்‌ஷன் மதியம் அறைச் சூட்டில், 30 டிகிரியில் இருக்கும். அதில் 80 மில்லியோடு, பொங்கி இறக்கிய 90 டிகிரிப் பால் 40 மில்லி சேர்த்தால் கலவை 50 டிகிரிக்கு வந்து நிற்கும். நாக்கைச் சுடாது, ஆறிப்போன மாதிரியும் இருக்காது, மூன்றே மூச்சில் குடிக்கலாம். மொத்தம் 120 மில்லி, சின்ன டம்ளர் ஒன்று. பாலைக் கூட்டினால் குடிக்க நேரமாகும், வயிறும் நிறையும். சர்க்கரை அரை ஸ்பூன் போதும். டிகாக்‌ஷன் மறுநாள் வரை வைப்பதென்றால் ஃப்ரிட்ஜில். அப்போது கலவை இன்னும் ஆறிவிடும் என்பதால் டிகாக்‌ஷனைச் சற்றுமுன் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் காபிக்கும் இடையில் குறைந்தது முக்கால் மணி நேரம் விட வேண்டும். சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு வயிற்றில் இருக்கும்போது வயிறு மெதுவாகத்தான் காலியாகும். காபி அதற்குப் பின்னால் காத்து நிற்கும். அப்போது இருபது நிமிடத்தில் ஏற வேண்டியது நாற்பது நிமிடமானாலும் ஆகும், எழும்போது காபி இன்னும் வந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டோடு ஒட்டிக் குடிக்கும் காபி கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு அந்த வகையில் இந்த முக்கால் மணி போதாது, இன்னும் தள்ளிக் குடிக்க வேண்டும்.

படுப்பதும் எழுவதும்

அலாரத்தை டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே வைத்துவிட வேண்டும்: முதல் வாயிலிருந்து 23 நிமிடம். குடிக்க மூன்று, கண் மூடிக் கிடக்க இருபது. அந்த இருபதில் தூக்கம் பிடிக்க ஐந்து முதல் பத்து நிமிடம் போனால், உண்மையான தூக்கம் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். அதுவே சரியான அளவு. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸும் லேக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து, பத்து, இருபது, முப்பது நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டார்கள். பத்து நிமிடத் தூக்கம் எழுந்த உடனேயே பலன் தந்தது, அந்தப் பலன் இரண்டரை மணி நேரம்வரைகூட இருந்தது. முப்பது நிமிடம் தூங்கியவர்கள் எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாக இருந்து, அதன் பிறகே தெளிந்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிய பிறகு எழுப்பினால் வரும் மந்தம் அது. மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து, பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று தெரியாமல் விழிப்போமே, அதன் சின்ன வடிவம்.

இடம் பெரிதாகத் தேவையில்லை. மல்லாக்கப் படுப்பதைவிடச் சாய்வாக இருப்பது நல்லது. ஈஸிசேர், காரில் பின்னால் சாய்த்த சீட், ஆபீஸ் நாற்காலியோடு கழுத்துக்கு ஒரு சுருட்டிய துண்டு. இரண்டு காரணம். சாய்ந்த நிலையில் ஆழமாகத் தூங்கிப்போக வாய்ப்பு குறைவு. காபி குடித்த உடனே மட்டமாகப் படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வரும். மேஜைமேல் கையை மடித்துத் தலை வைத்துப் படுத்தால் கை மரத்துப்போகும், வயிறும் மடங்கும். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் அது. கண்ணுக்குக் கைக்குட்டை. ஃபேன் போதும்; ஏ.சி. நேரே முகத்தில் அடித்தால் தூக்கம் கலையும்.

தூக்கம் வராவிட்டால் போனை எடுக்கக் கூடாது, நேரம் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக் கிடப்பதே பாதி வேலை. தூங்கியாக வேண்டும் என்று முயன்றால்தான் அந்த இருபது நிமிடமும் வீணாகும்.

அலாரம் அடித்ததும் உட்காருவதில்லை, எழுந்து நிற்பது. அணைத்துவிட்டு மறுபடி அலாரம் தள்ளிவைத்தால் இத்தனை ஏற்பாடும் கெட்டுவிடும். அடுத்த பத்து நிமிடத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் காத்திருக்கிறது. அதனால் போனை நான்கடி தள்ளி வைக்க வேண்டும். முகம் கழுவி, வெளிச்சத்துக்கு வந்து, இரண்டு நிமிடம் நடந்தால் மிச்சக் கலக்கமும் போய்விடும். எழுந்த முதல் பத்து நிமிடத்தில் கணக்கு சரிபார்ப்பது, பணம் அனுப்புவது போன்ற வேலைகளைத் தொட வேண்டாம்.

ஒரு நாளை வைத்துக் கணக்கு

காலை ஆறரைக்கு எழுந்து, ஏழு மணிக்கு 60 மில்லி டிகாக்‌ஷனில் காபி குடிப்பவர். இரவு பத்தரைக்குப் படுக்கிறார், ஆனால் தூங்கியது ஆறு மணி நேரம்தான். மதியச் சாப்பாடு ஒரு மணி. சரியாக இரண்டு மணிக்கு மேலே சொன்ன டம்ளர், 2.03-க்குச் சாய்வு, 2.23-க்கு அலாரம், 2.35-க்கு வேலை. காபியின் உச்சம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் வரும்.

இப்போது இரவைப் பார்க்க வேண்டும். கஃபீன் பாதியாகக் குறையப் பெரியவர்களில் சராசரியாக ஐந்து மணி நேரம். காலை 60 மில்லியில் 110 மில்லிகிராம் போயிருக்கும்; மதியம் இரண்டுக்கு அதில் 42 மீதம். அதன்மேல் 145 சேர்ந்தால் 187. இரவு பத்தரைக்கு எட்டரை மணி நேரம் கழிந்து மீதம் 58 மில்லிகிராம். அதாவது முப்பது மில்லி டிகாக்‌ஷனைக் குடித்துவிட்டுப் படுக்கைக்குப் போவதற்குச் சமம். பலருக்கு இது தாங்கும். கஃபீனை மெதுவாகக் கரைக்கும் உடம்பாக இருந்து, பாதியாகக் குறைய ஏழு மணி நேரம் ஆகிறது என்றால் மீதம் 86. அவர் படுத்துப் புரள்வார், மறுநாள் இன்னும் தூக்கம் குறைந்து எழுவார், மதியம் இன்னும் பெரிய டம்ளர் கேட்கும். இந்த முறை ஒருவரைக் கெடுப்பது இந்த வழியில்தான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் இரவுத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. பெரிய அளவுதான், ஆனாலும் சாயங்காலக் காபி இரவைத் தொடாது என்ற நினைப்பை அது உடைக்கிறது.

ஆகவே இரண்டரைக்குப் பிறகு காபித் தூக்கம் வேண்டாம். நேரம் தப்பிவிட்டால் காபி இல்லாமல் பதினைந்து நிமிடம் மட்டும் கண்ணயரலாம். நாலு மணிக் காபி வழக்கம் உள்ளவர்கள் அதை இரண்டு மணிக்கு நகர்த்த வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். நாலு மணிக்கு வாய் கேட்டால் சுக்கு மல்லிக் காபி இருக்கிறது, அதில் கஃபீன் இல்லை.

பலன் இருக்கிறதா என்று சோதிப்பது

"நல்லா இருக்கு" என்ற உணர்வை நம்பக் கூடாது. காபி குடித்தாலே மனத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். தூக்கக் குறைவு காட்டிக்கொடுப்பது இடையிடையே கவனம் அறுபடுவதில்தான். ஸ்கேலைக் கீழே விட்டுப் பிடிக்கும் சோதனை ஒரு நொடி வேலை என்பதால் எப்படிப்பட்ட தூக்கக் கலக்கத்திலும் பிடித்துவிடலாம். அது இதற்கு உதவாது. சலிப்பு தட்டும்வரை ஒரே வேலையைச் செய்ய வைக்க வேண்டும். தூக்க ஆய்வுக்கூடங்களில் பத்து நிமிடம் ஒரு திரையைப் பார்க்க வைத்து, எப்போது என்று தெரியாமல் வரும் குறிக்குப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரை நொடிக்கு மேல் தாமதமானால் அது ஒரு கவனப் பிசகு. அதே சோதனையைக் கம்ப்யூட்டரில் பைத்தானில் இப்படி ஓட்டலாம்:

```python
import random, time
n = slow = early = 0
end = time.time() + 600
while time.time() < end:
    time.sleep(random.uniform(2, 10))
    t = time.perf_counter()
    input("*** ")
    ms = (time.perf_counter() - t) * 1000
    n += 1
    slow += ms > 500
    early += ms < 100
print(n, slow, early)
```

நட்சத்திரக் குறி வந்ததும் Enter. கடைசியில் வரும் மூன்று எண்களில் முதலாவது மொத்தக் குறிகள், இரண்டாவது பிசகுகள், மூன்றாவது குறி வருமுன்பே அவசரப்பட்டு அழுத்தியவை. பிசகு குறைந்து அவசரம் கூடியிருந்தால் அது கூர்மை இல்லை, படபடப்பு. டிகாக்‌ஷனைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். மூன்று மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை ஓட்டினால் பலன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் தெரியும்.

ஒப்பிட நான்கு வகை நாள் வேண்டும்: இரண்டும் இல்லாத நாள், காபி மட்டும், தூக்கம் மட்டும், இரண்டும். ஒவ்வொன்றையும் சில முறை, நாள்களைக் கலைத்துப் போட்டு. காலைக் காபியை எல்லா நாளும் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். தினமும் குடிப்பவர் காலைக் காபியை நிறுத்திவிட்டுச் சோதித்தால் தலைவலியும் சோர்வும் வந்துவிடும். அப்போது மதியக் காபி ஏதோ அற்புதம் செய்ததாகத் தெரியும், உண்மையில் அது பள்ளத்தை நிரப்பியிருக்கும். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதையும் எண்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அதை எழுதாத பட்டியலில் ஒன்றும் படிக்க முடியாது.

காபி இல்லாத நாளில் காபி என்று நினைத்துக் குடிக்க ஒன்று வேண்டுமல்லவா? கஃபீன் நீக்கிய காபிப் பொடி கிடைத்தால் அதுதான் சரி. கிடைக்காவிட்டால் காபிக் கடையில் தனிச் சிக்கரி வாங்கி டிகாக்‌ஷன் இறக்கலாம். நிறத்திலும் கெட்டியிலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் நாக்கு பழகியவர்களுக்கு அந்தத் தித்திப்பு கலந்த கசப்பு காட்டிக்கொடுத்துவிடும். எந்த நாள் எது என்பதை வீட்டில் இன்னொருவர் கலந்து கொடுத்து, தனியே குறித்துவைத்தால் சோதனைக்கு மரியாதை கூடும்.

எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். தூக்கம் மட்டும் உள்ள நாளில் மூன்று மணி எண் நன்றாக இருந்து நாலரைக்கு இறங்கும். காபி மட்டும் உள்ள நாளில் மூன்று மணி சுமாராக இருந்தாலும் நாலரை தாங்கி நிற்கும். இரண்டும் சேர்ந்த நாள் இரண்டு நேரத்திலும் நன்றாக இருந்தால் முறை வேலை செய்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்த நாளும் தூக்கம் மட்டும் உள்ள நாளும் ஒரே மாதிரி வந்தால் டம்ளரில் கஃபீன் போதவில்லை, அல்லது சாப்பாட்டை ஒட்டிக் குடித்திருக்கிறோம்.

யார் வேண்டாம், யாருக்கு மிகவும் வேண்டும்

கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் உடம்பில் பல மடங்கு நேரம் தங்கும்; ஒரு நாள் மொத்தமே 200 மில்லிகிராமுக்குள் என்பதால் இந்த டம்ளர் அவர்களுக்கு இல்லை. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கஃபீன் வெளியேற ஏறக்குறைய இரட்டிப்பு நேரமாகும், அவர்கள் டிகாக்‌ஷனைப் பாதியாக்கி, நேரத்தையும் ஒன்றரைக்கு முன்னால் தள்ள வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிடும் நாள்களிலும் கஃபீன் உடைவது தடைபடும். அந்த வாரம் முழுக்க விட்டுவிடலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும் தொந்தரவு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இரவுத் தூக்கமின்மை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மிகவும் வேண்டியவர்கள், நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள். லஃப்பரோ ஆய்வு அவர்களுக்காகவே நடந்தது. தூக்கம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கப் காபி குடித்துப் பதினைந்து நிமிடமாவது தூங்கச் சொல்லி பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது என்றுதான் சமாளிக்கிறோம். அவை சில நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. டோல்கேட்டைத் தாண்டியோ பெட்ரோல் பங்கிலோ ஒதுக்குப்புறமாக நிறுத்தி, பிளாஸ்கில் கொண்டுவந்த டிகாக்‌ஷனை 80 மில்லி அப்படியே குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, கதவைப் பூட்டி, இன்ஜினை அணைத்துத் தூங்க வேண்டும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கினால் புகைக் குழாயின் நச்சு வாயு உள்ளே வர வழியுண்டு. வெயில் நேரமென்றால் மரநிழலோ, பங்கின் கூரையோ கட்டாயம். நிழல் கிடைக்காவிட்டால் வண்டியை விட்டு இறங்கிக் கடை பெஞ்சில் சாய்ந்துகொள்ளலாம்.

எழுந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் தெளிவு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கானது. அதற்குள் கொட்டாவி திரும்பி வந்தாலும், கடந்த சில கிலோமீட்டர் எப்படி ஓட்டினோம் என்று நினைவில்லாமல் போனாலும், இன்னொரு டம்ளர் அதற்கு மருந்தாகாது. அங்கேயே அறை எடுத்தோ, ஓட்டுகிறவரை மாற்றியோதான் மேலே போக வேண்டும்.